நாற்பத்து மூன்றே முக்கால் ஆண்கள்

அப்பா வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, அட்டவணையைப் பத்தியாக மாற்றுவது. டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கீழே இருந்து கட்டம் கட்டமாகப் புள்ளிவிவரம் வரும். மேலே இருக்கிறவர்களுக்குக் கட்டம் பார்த்தால் தலைவலி. அதனால் அப்பா அந்த எண்களை எல்லாம் எடுத்து, 'இதில் பாதிக்கும் சற்றுக் குறைவானவை', 'மீதமுள்ளவற்றில் மூன்றில் ஒரு பங்கு' என்று வாக்கியங்களுக்குள் பொதிந்து, ஒரு பக்கக் குறிப்பாக எழுதி அனுப்புவார்.

நான் ஆசைப்பட்ட வேலை அதற்கு நேர் எதிர். வங்கித் தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும், கேஸ்லெட் என்று ஒரு வகைக் கேள்வி வரும். படம் கிடையாது, கட்டம் கிடையாது. ஒரு பத்தி, அவ்வளவுதான். எண்கள் எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடிப் பிடித்து நாமே ஓர் அட்டவணை போட்டு அதில் உட்கார வைத்தால்தான் கீழே இருக்கிற கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். பரீட்சை ஹாலில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பத்தியைப் பார்த்ததும் அடுத்த கேள்விக்கு ஓடிவிடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தால்தான் கை பரபரக்கும். வங்கி வேலை எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு முறை நேர்முகம் வரை போய்த் திரும்பினேன். ஆனால் கேஸ்லெட் பைத்தியம் மட்டும் போகவில்லை. கூடப் படித்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து, இதையே வேலையாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றிவிட்டது.

அப்படித் தோன்றிய வருஷம்தான் அப்பா ரிட்டயர் ஆனார். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிக்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. நான் பிறந்தது டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியில். திருநெல்வேலி எனக்கு ஒவ்வொரு மே மாதமும் வேர்த்துக்கொண்டு போய்வருகிற ஊர், அவ்வளவுதான். அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா நீ இங்கன இரு. இல்லன்னா எங்ககூடக் கெளம்பு. ஒத்தையில உன்னை டெல்லில விட்டுட்டு எனக்கு அங்க சோறு எறங்காது."

கிளம்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தைகள் ஏற்கெனவே இரண்டு ஜாதகம் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று துபாய்.

அந்த வாரம்தான் முகர்ஜி நகர்ப் பக்கம் ஒரு கோச்சிங் சென்டரிலிருந்து அழைப்பு வந்தது. கேஸ்லெட்டெல்லாம் வருகிற டேட்டா இன்டர்ப்ரெடேஷன் பாடம் எடுக்க ஆள் வேண்டும், டெமோ கொடுக்க வா என்று. டெமோ என்றால், நிஜ வகுப்பில் நிஜ மாணவர்களுக்கு முன்னால் இருபது நிமிஷம் பாடம் எடுக்க வேண்டும். பிடித்தால் வேலை. பிடிக்கவில்லை என்றால் கதவு வலப்பக்கம் இருக்கிறது.

அன்றிரவு சாப்பாட்டில் அப்பா வழக்கம்போல ஒரு பத்தி பேசினார். ரசம் ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஃப்ரிட்ஜ பக்கத்து வீட்டு சர்தார்ஜி எடுத்துக்கிடுதாரு, கட்டில் ரெண்டுல ஒண்ணு வேலைக்காரம்மாவுக்கு, மிச்ச சாமான் லாரில, ஊருக்கு மூணு டிக்கெட்டு போட்டாச்சு, மூணும் கன்ஃபர்ம், அம்மாவுக்கு லோயர் கெடச்சிருக்கு, சாமான் கட்ட பெரிய மாமா வாரான், வாரதுக்கு அவனே எடுத்துக்கிட்டான், போறது நம்ம பொறுப்புன்னு சொல்லிட்டேன், கேஸ் கனெக்‌ஷன் சரண்டர் பண்ணணும், மோதி பாக்ல நம்ம கிருத்திகை பூசைக்குப் போற வீட்டு மாடில ஒரு ரூம் இருக்காம், அதையும் பாக்கணும்..."

மூணு டிக்கெட்டு என்ற இடத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம் சீலிங் ஃபேன் சத்தம் மாதிரிதான். அப்பா, அம்மா, நான். மூணு. டெமோவே இன்னும் நடக்கவில்லை, அதற்குள் டிக்கெட் போட்டாயிற்று! மகள் மேல் அவ்வளவு நம்பிக்கை! தட்டைக் கழுவப் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. மறுநாளைக்குப் போட்டுக்கொண்டு போகிற குர்த்தாவை எடுத்து ஆத்திரத்தோடு இஸ்திரி போட்டேன்.

மறுநாள் ஐ.என்.ஏ.வில் மஞ்சள் லைன் மெட்ரோ ஏறி நின்றுகொண்டே ஜி.டி.பி. நகர் போய்ச் சேர்ந்தேன். சென்டர் ஒரு போட்டோகாப்பிக் கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் இருந்தது. எனக்கு முன்னால் டெமோ கொடுத்த ஆள் வெளியே வந்தார். டை கட்டியிருந்தார். மூஞ்சி தொங்கிப் போயிருந்தது. "கைசா ரஹா?" என்று கேட்டேன். எப்படிப் போயிற்று என்றதற்குப் பதிலே சொல்லாமல் படியில் இறங்கிவிட்டார்.

குவான்ட், அதாவது கணக்குப் பிரிவுக்கு ஹெட் ஒரு ஹரியானாக்காரர். அகலமான மனிதர், கையில் சாயா கிளாஸ். என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம் என்றார். பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பழைய கேஸ்லெட்! ஓர் அலுவலகம், இருநூற்று நாற்பது பேர், யார் யார் எதில் வேலைக்கு வருகிறார்கள் என்று. மெட்ரோ, பஸ், ஆட்டோ. டெல்லியில் கோச்சிங் போன எல்லோரும் அதைப் போட்டிருப்பார்கள். நான் அதைக் குறைந்தது ஐம்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். ஆட்டோ வரியில் விகிதத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். பழசில் நாலுக்கு மூன்று, இதில் ஐந்துக்கு மூன்று. அடடா, மனப்பாடம் பண்ணி வருகிறவர்களுக்கு வைத்த பொறியாக்கும் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டோமே என்று அப்படி ஒரு குஷி. தாளைச் சுருட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அறுபது பேர் இருப்பார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கெங்கிருந்தோ வந்து இந்த ஒரு பரீட்சைக்காக அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகள். ஹெட் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் இந்தியில் பாடம் எடுத்தேன். எனக்குத் தமிழைவிட இந்தி வேகமாக வரும்.

"பத்தியைப் பார்த்ததும் கணக்குப் போடக் கூடாது. முதலில் கட்டம்" என்று ஆரம்பித்தேன். "யாரைப் பற்றிப் பேசுகிறது? ஆண், பெண். அது மேலே, கடைசியில் மொத்தத்துக்கு ஓர் இடம். என்னவெல்லாம் செய்கிறார்கள்? அது பக்கவாட்டில். கட்டம் போட்ட பிறகுதான் எண்."

போர்டில் கோடு போட்டேன். மேலே ஆண், பெண், மொத்தம். பக்கத்தில் மெட்ரோ, பஸ், ஆட்டோ, அதற்குக் கீழே மொத்தம். பிறகு பத்தியை வரி வரியாக வாசித்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். மொத்தம் 240 பேர். ஆண் பெண் விகிதம் ஐந்துக்கு மூன்று. ஒவ்வொருவரும் ஒரே ஒரு வழியில்தான் வருகிறார்கள். ஆண்களில் நாற்பது சதவீதம் மெட்ரோ. மெட்ரோவில் வருகிற பெண்கள், அதில் வருகிற ஆண்களில் பாதி. மொத்தப் பேரில் மூன்றில் ஒரு பங்கு பஸ். ஆட்டோவில் வருகிற ஆண் பெண் விகிதம் ஐந்துக்கு மூன்று.

கடைசி வரிக்குத் தாளைப் பார்க்கக்கூட இல்லை. தாளை மேஜையில் போட்டுவிட்டு, வகுப்பைப் பார்த்தபடி ஸ்டைலாகச் சொன்னேன். "இவை தவிர வேறு வழியில் யாரும் வருவதில்லை."

அப்புறம் பறந்தேன். 240 ஐந்துக்கு மூன்று, ஆண் 150, பெண் 90. நாற்பது சதவீதம் 60, அதில் பாதி 30, மெட்ரோ மொத்தம் 90. பஸ் மொத்தம் 80. ஒவ்வோர் எண்ணையும் கட்டத்தில் போடும்போது பிள்ளைகளே கத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. 240ல் 90ம் 80ம் போனால் ஆட்டோவுக்கு மிச்சம் எவ்வளவு?

"எழுபது!" என்று கூரை அதிர்ந்தது.

"எழுபதை ஐந்துக்கு மூன்றாகப் பிரி" என்றேன்.

சத்தம் நின்றுவிட்டது.

முன் பெஞ்சில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். "மேம், நாற்பத்து மூன்றே முக்கால்."

போர்டைப் பார்த்தேன். எழுபதை எட்டால் வகுத்து ஐந்தால் பெருக்கினேன். நாற்பத்து மூன்றே முக்கால் ஆண்கள். இருபத்தாறே கால் பெண்கள். கழுத்தில் குப்பென்று வேர்த்தது. பின் பெஞ்சில் ஒருவன் எழுந்து, "அந்த முக்கால் ஆளுக்கு ஆட்டோவில் பாதி சீட்டா, மேம்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கண் முன்னால் துபாய் ஜாதகம் வந்து நின்றது.

"க்வெஸ்டின் ஹீ கலத் ஹை, மேம்!" என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன. கேள்வியே தப்பு. அது கோச்சிங் பிள்ளைகளின் தேசிய கீதம். விடை வரவில்லை என்றால் கேள்வி தப்பு.

ஹெட் பின்னாலிருந்து, சாயா கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டுக் கேட்டார். "என்ன மேடம், கேள்வி தப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாற்பத்து நாலு என்று முழுசாக்கிவிட்டு மேலே போகலாம். இரண்டும் வாய் வரைக்கும் வந்தன. ஆனால் என் குணம் எனக்குத் தெரியும். பொருந்தாத எண்ணைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. கட்டத்தில் முக்கால் ஆள் வந்தால் அந்தக் கட்டத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். மெட்ரோ சரி. பஸ் சரி. ஆண், பெண், மொத்தம் எல்லாம் சரி. எழுபதுதான் தப்பு. எழுபது எப்படி வந்தது? மற்றதெல்லாம் கழித்த மிச்சம். மிச்சம் முழுக்க ஆட்டோதான் என்று யார் சொன்னது?

நான்தான் சொன்னேன். தாளைப் பார்க்காமல்.

மேஜையில் கிடந்த தாளை எடுத்தேன். கடைசி வரி அங்கே சாதுவாக உட்கார்ந்திருந்தது. நான் சொன்ன வரியே தாளில் இல்லை. அது பழைய கேஸ்லெட்டின் வரி. அந்த இடத்தில் வேறு ஒன்று இருந்தது. மீதிப் பேர் நடந்து வருகிறார்கள். அவர்கள், ஆட்டோவில் வருகிறவர்களில் நான்கில் ஒரு பங்கு அளவு. நடந்து வருகிறவர்களில் ஆணும் பெண்ணும் சமம்.

விகிதத்தை மாற்றியது பொறியே இல்லை. அது வெறும் வேடிக்கை காட்டல். அதைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் நான் கடைசி வரியைப் படிக்க மாட்டேன் என்று அந்த அகலமான மனிதருக்குத் தெரிந்திருக்கிறது!

"கேள்வி சரி" என்றேன். சத்தமாகவே வந்தது. "தப்பு நான். கடைசி வரியை நான் ஞாபகத்திலிருந்து சொன்னேன். தாளில் இருப்பது வேறு. இப்போது வாசிக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

வாசித்தேன். வகுப்பில் ஒரே சலசலப்பு. நான் டஸ்டரை எடுத்து அட்டவணை முழுவதையும் துடைத்துப் போட்டேன். ஒரு வரிசை சேர்த்தால் போதும், எல்லாவற்றையும் துடைக்கத் தேவையில்லை. ஆனால் எனக்கு அப்போது புதுக் கட்டம் வேண்டியிருந்தது. பழைய கட்டத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"பக்கவாட்டில் என்னென்ன?" என்று கேட்டேன்.

"மெட்ரோ! பஸ்! ஆட்டோ! பைதல்!" நடை என்பதற்கு இந்தியில் பைதல். அந்தக் கடைசிச் சொல்லை அறுபது பேரும் மேஜையில் தட்டிச் சொன்னார்கள்.

நாலாவது வரிசையைப் போட்டேன். மிச்சம் எழுபது. அது ஆட்டோவும் நடையும் சேர்ந்தது. ஆட்டோவில் நாலு பங்கு என்றால் நடை ஒரு பங்கு. ஐந்து பங்கு எழுபது. ஆட்டோ 56, நடை 14.

"ஐம்பத்தாறை ஐந்துக்கு மூன்றாகப் பிரி!"

"முப்பத்தைந்து! இருபத்தொன்று!" முக்கால் ஆள் போய்விட்டான்! மூக்குக் கண்ணாடிப் பெண் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள். நடை ஆளுக்கு ஏழு. இப்போது பஸ் வரிசை மட்டும்தான் பாக்கி. பஸ் ஆண்கள் 150ல் 60, 35, 7 கழித்தால் 48. பஸ் பெண்கள் 90ல் 30, 21, 7 கழித்தால் 32.

"சரியா என்று எப்படித் தெரியும்?"

"கூட்டிப் பாருங்கள் மேம், எண்பது!"

பஸ் மொத்தம் 80. நாங்கள் முதலில் எழுதிய அதே எண். மேலிருந்து கீழே கூட்டினாலும், இடமிருந்து வலமாகக் கூட்டினாலும் கட்டம் பொருந்தியது. எனக்கு அந்த நிமிஷத்தில் வேலை, டெல்லி, ஜாதகம் எதுவுமே ஞாபகம் இல்லை. ஒரு கட்டம் நாலு பக்கமும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான், அதற்கே குதிக்க வேண்டும் போல இருந்தது. தாளில் கேட்ட கேள்வி, பஸ்ஸில் வருகிறவர்களில் ஆண்கள் எத்தனை சதவீதம் என்பது. எண்பதில் நாற்பத்தெட்டு. "அறுபது!" என்று கத்தி முடிக்கும்போது மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ஹெட் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கண்டிப்பாகத் திட்டு விழும் என்று நின்றேன்.

"காலையிலிருந்து நீங்கள் நாலாவது ஆள்" என்றார். "ஒருத்தர் நாற்பத்து நாலு என்று முழுசாக்கிவிட்டார். ஒருத்தர் கேள்வி தப்பு என்றார். உங்களுக்கு முன்னால் வந்தவர் என்னோடு சண்டைக்கே வந்தார். போர்டைத் துடைத்தது நீங்கள் மட்டும்தான்." விரலை ஆட்டி, "ஆனால் கடைசி வரியைப் படிக்காதவர்கள் வரிசையில் நீங்களும் உண்டு, மேடம்" என்று சேர்த்துக்கொண்டார். "திங்கள்கிழமை முதல் வாருங்கள். காலை பேட்ச் உங்களுக்கு."

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. போட்டோகாப்பிக் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "செலக்‌ஷன் ஹோ கயா?" என்று சிரித்தார். ஆகிவிட்டது அண்ணா, ஆகிவிட்டது என்று கத்திவிட்டுத் தெருவில் நின்றே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, வேலை கெடச்சிருச்சு! திங்கக்கெழமையே ஜாயின் பண்ணணும்!"

அந்தப் பக்கம் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வதும், அம்மா ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு வருவதும் கேட்டது. எனக்கு இரவு அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்துவிட்டது. ஜெயித்த திமிர் வேறு.

"இப்பமே போயி அந்த மூணாவது டிக்கெட்டக் கேன்சல் பண்ணுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம போட்டீங்கள்லா, அத."

"அத எதுக்குக் கேன்சல் பண்ணணும்?" அப்பா நிஜமாகவே குழம்பினார். "பெறவு உங்க மாமா எப்படி ஊருக்குப் போவான்?"

சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் மணியடித்து என்னை ஓரமாகப் போகச் சொன்னான். போனேன். அப்பா, அம்மா, மாமா. மூணு. வாரதுக்கு அவனே எடுத்துக்கிட்டான், போறது நம்ம பொறுப்பு. மோதி பாக்ல மாடில ஒரு ரூம். எல்லாம் சொல்லியிருந்தார். ரசத்தோடு சேர்த்துச் சொல்லியிருந்தார்.

"அப்பம், எனக்கு?"

"உனக்கு நான் டிக்கெட்டே போடலியேம்மா."

"வேலை கெடைக்கலன்னா கெளம்பணும்னு அம்மா சொன்னாள்லா?"

"அது அம்மா சொன்னது. டிக்கெட்டு போட்டது நான்."

டெமோவுக்கு முந்தின நாளே, எனக்கு எந்த வேலையும் இல்லாதபோதே, அந்த மனிதர் ரயில் டிக்கெட்டில் என் பெயரைச் சேர்க்கவில்லை, நான் தங்க ரூம் தேடியிருக்கிறார். நானோ ராத்திரி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தேன். சாரி அப்பா என்று சொல்ல ஆரம்பித்தேன், அவர் விடவில்லை.

"நான் எல்லாத்தையும் வெலாவாரியாச் சொன்னேன்லா நேத்து ராத்திரி. நீ கடைசி வரைக்கும் கேட்டாத்தானே? மூணுன்ன ஒடனே மூஞ்சியத் தூக்கிட்டுத் தட்டக் கழுவப் போயிட்ட" என்றார் அப்பா. "சரி, சரி. வரும்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்ல எறங்கி முருங்கக்கா வாங்கிட்டு வா. சாம்பாருக்கு நாலு, அவியலுக்கு அதுல பாதி, மிச்சம் இருந்தா சர்தார்ஜி வீட்டுக்கு ரெண்டு..."

"அப்பா, நில்லுங்க" என்றேன். பையைத் திறந்து பேனாவும் தாளும் எடுத்தேன். "இப்பம் சொல்லுங்க. மெதுவா, முடிக்கிற வரைக்கும் சொல்லுங்க. நான் கேக்குதேன்."